நாற்பதா, பதினாலா? ஒரு கடைப்பலகையைப் படித்த திசை

இந்த வலைப்பதிவில் முன்பு எழுதிய கியோட்டோ பயணக் குறிப்பில் ஒரு தப்பு இருக்கிறது. பழைய இனிப்புக்கடை ஒன்றின் படத்தைப் போட்டு, "1881-ல் தொடங்கிய கடை" என்று கீழே எழுதியிருந்தேன். கடை தொடங்கியது 1907-ல். இருபத்தாறு வருஷ வித்தியாசம். சுட்டிக்காட்டியவர் எங்களோடு வேலை பார்க்கும் ஜப்பானியப் பெண்மணி. "அந்தக் கடைக்கு இருபத்தாறு வயசு கூட்டிக் கொடுத்துட்டீங்க" என்றார், சிரித்துக்கொண்டே. வருஷத்தைத் திருத்திவிட்டேன். ஆனால் அந்தத் தப்பு எப்படி நடந்தது என்று பார்க்கப் போனதில் ஒரு முழுப் பதிவுக்கான விஷயம் கிடைத்தது.

வாசல் மேலே அகலமான மரப்பலகை. அதில் ஒரே வரிசையாக ஏழு எழுத்து. படத்தில் இடமிருந்து வலமாகத் தெரிகிற வரிசை இது:

```
年 十 四 治 明 業 創
```

கைபேசியில் இருக்கும் கேமரா மொழிபெயர்ப்புச் செயலியை அதன்மேல் காட்டினேன். உருப்படியாக ஒன்றும் வரவில்லை. "14 வருடங்கள்" என்பது மட்டும் தெளிவாக இருந்தது, மற்றதெல்லாம் உளறல். சரி, நாமே பார்ப்போம் என்று எழுத்து எழுத்தாக அகராதியில் தேடினேன். வலது ஓரத்து இரண்டு எழுத்தையும் திருப்பிப் போட்டால் "சோக்யோ", அதாவது தொழில் தொடக்கம். அடுத்த இரண்டையும் திருப்பிப் போட்டால் "மெய்ஜி", மெய்ஜி பேரரசர் காலம். அடுத்து பத்தும் நாலும். பதினாலு. கடைசியில் "நென்", வருஷம். மெய்ஜி முதலாம் ஆண்டு 1868. எனவே 1867-ஓடு 14-ஐக் கூட்டினேன், 1881 வந்தது. பெருமையாகப் பதிவில் போட்டேன்.

நான் செய்த காரியத்தைக் கவனியுங்கள். மெய்ஜியைத் திருப்பினேன், ஏனென்றால் திருப்பாமல் அதற்கு அர்த்தம் வரவில்லை. சோக்யோவையும் அதே காரணத்துக்காகத் திருப்பினேன். எண்ணை மட்டும் திருப்பவில்லை. அது திருப்பாமலேயே அர்த்தம் தந்தது. பலகை முழுக்க வலமிருந்து இடமாக எழுதப்பட்டது என்று ஒரு நொடி யோசித்திருந்தால், எண்ணும் வலமிருந்துதான் ஆரம்பிக்கும் என்று தெரிந்திருக்கும். முதலில் நாலு, அப்புறம் பத்து. நாலு பத்து, நாற்பது. மெய்ஜி நாற்பதாம் ஆண்டு, 1907.

அந்தப் பலகையிலேயே இதற்குச் சாட்சியும் இருந்தது. ஜப்பானிய மொழியில் ஆண்டைச் சொல்லும்போது காலப்பெயர், எண், கடைசியில் "நென்" என்பதுதான் வரிசை. பலகையில் மெய்ஜி வலப்பக்கம், நென் இடது ஓரம். நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் எண் மெய்ஜியை ஒட்டித் தொடங்கி, நென்னை ஒட்டி முடிய வேண்டும். மெய்ஜியை ஒட்டி நிற்பது நாலு, நென்னை ஒட்டி நிற்பது பத்து. வேறு வழியே இல்லை.

நம்ம பழைய எண்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தமிழ் எண் முறையும் இதே இயந்திரம்தான். பத்துக்கு முன்னால் வருவது பெருக்கும், பின்னால் வருவது கூட்டும்.

```
௪௰ = 40
௰௪ = 14
```

இந்த முறையில் எழுதிய, நூறுக்குக் கீழான ஒரு எண்ணைத் திருப்பிப் படித்தால் பெரும்பாலும் இன்னொரு நல்ல எண் கிடைக்கும். உளறல் கிடைக்காது. அதுதான் ஆபத்து.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதும் அதுதான். திசை மாறிப் படித்து உளறல் வந்தால் கவலை இல்லை, யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். திசை மாறிப் படித்தும் அர்த்தம் வருகிற இடத்தில்தான் தப்பு உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. கேமரா மொழிபெயர்ப்புச் செயலிகள்மேல் என் விமர்சனமும் அங்கேதான். அவை தப்பு செய்கின்றன என்பதல்ல என் குறை. எந்தத் திசையில் படித்தோம் என்பதைச் சொல்லாமலேயே பதிலைக் காட்டுகின்றன என்பதுதான்.

ஏன் வலமிருந்து இடம்?

சீன, ஜப்பானிய எழுத்து மரபுப்படி மேலிருந்து கீழாக ஓடும். ஒரு பத்தி முடிந்ததும் அடுத்த பத்தி அதற்கு இடப்பக்கம் தொடங்கும். அதாவது பத்திகள் வலமிருந்து இடமாக நகரும். இது பலருக்கும் தெரிந்ததுதான்.

இப்போது ஒரு வாசல் மேல்விட்டத்தை யோசியுங்கள். அகலம் நிறைய, உயரம் ஒரு எழுத்துக்கு மட்டும்தான். மேலிருந்து கீழாக எழுதும் தச்சர் என்ன செய்வார்? முதல் பத்தியை வலது ஓரத்தில் தொடங்குவார். ஒரு எழுத்து போட்டதுமே பத்தி முடிந்துபோகும். அடுத்த பத்தி அதன் இடப்பக்கம், அதிலும் ஒரே எழுத்து. இப்படியே போனால் நம்ம கண்ணுக்கு அது வலமிருந்து இடமாக எழுதிய ஒரு கிடைவரி. எழுதியவர் கணக்கில் அது ஒவ்வொரு எழுத்து உயரமுள்ள ஏழு பத்திகள். வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். பலகைகளைப் படிக்கும்போது எனக்கு உதவியதும் இதுதான். "வலமிருந்து இடம்" என்று தனியாக ஒரு விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உயரம் சுருங்கிப்போன நெடுவரி என்று வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் கிடைவரி என்றால் இடமிருந்து வலம் என்று ஆகிவிட்டது. சீனாவில் 1956 ஜனவரி 1 முதல் மக்கள் நாளிதழ் கிடைவரிக்கு மாறியது. தைவானில் அரசு ஆவணங்கள் 2005-ல்தான் முழுசாக இடமிருந்து வலக் கிடைவரிக்கு வந்தன. ஆனால் கடைப்பலகைக்கு எந்த அரசாணையும் முழுசாகப் பொருந்துவதில்லை. பழைய பலகை அப்படியே தொங்கும். புதுக் கடைக்காரரும் பாரம்பரியத் தோற்றம் வேண்டும் என்று வலமிருந்து எழுதச் சொல்வார். அதே தெருவில் பக்கத்துக் கடைப் பலகை இடமிருந்து ஓடும். அதற்குப் பக்கத்தில் சுவரிலிருந்து வெளியே நீட்டிய நெடும்பலகை மேலிருந்து கீழே இறங்கும். மூன்று திசையும் பத்தடி தூரத்துக்குள் இருக்கும்.

திருப்பினாலும் சொல்

எண்ணைப் போலவே சில சொற்களும் இரண்டு பக்கமும் அர்த்தம் தரும். கடைத்தெருவில் தட்டுப்படக்கூடிய சிலவற்றை எழுதுகிறேன். முதல் நான்கில் மூன்று ஜப்பானியம், நான்காவதும் ஐந்தாவதும் சீனம்.

```
日本  ஜப்பான்        本日  இன்று
会社  நிறுவனம்       社会  சமூகம்
牛乳  பால்           乳牛  கறவை மாடு
上海  ஷாங்ஹாய்       海上  கடல்மேல்
蜂蜜  தேன்           蜜蜂  தேனீ
```

போருக்கு முந்தைய ஜப்பானிய யென் தாள்களில் ஜப்பான் வங்கியின் பெயர் வலமிருந்துதான் இருக்கும். இடமிருந்து படித்தால் கடைசி இரண்டு எழுத்து "இன்று" என்று ஆகும். வங்கியின் பெயர் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அங்கே யாரும் ஏமாறமாட்டார்கள். பெயர் தெரியாத சின்னக் கடை என்றால் கதை வேறு. பால் விற்கிற கடை மாடு விற்கிற கடையாகிவிடும். இரண்டுமே நம்பும்படியாக இருக்கிறது, அதுதான் சங்கடம்.

ஆட்பெயர்கள் இன்னும் மோசம். தானாகா என்ற குடும்பப்பெயரைத் திருப்பினால் நாகாதா. யாமாமோத்தோவைத் திருப்பினால் மோத்தோயாமா. நான்குமே நிஜமான குடும்பப்பெயர்கள்.

```
田中  தானாகா         中田  நாகாதா
山本  யாமாமோத்தோ     本山  மோத்தோயாமா
```

இங்கே இன்னொரு வில்லங்கமும் சேர்கிறது. ஜப்பானியக் கடை வாசலில் துண்டு துண்டாகப் பிளந்த துணித்திரை தொங்கும், நோரென் என்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு எழுத்து. சாயம் இரண்டு பக்கமும் தெரிகிற துணியாக இருந்தால், கடைக்குள் உட்கார்ந்து படம் எடுக்கும்போது எழுத்து கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும். சாதாரணமாக அது உடனே புலப்பட்டுவிடும். ஆனால் மேலே சொன்ன நான்கு பெயர்களிலும் இருக்கும் எழுத்துகள் இடமும் வலமும் ஒரே மாதிரி இருப்பவை. கண்ணாடியில் பார்த்தாலும் அதே எழுத்துதான், வரிசை மட்டும் மாறும். ஆக, வலமிருந்து எழுதிய தானாகா திரையை வெளியே நின்று பார்த்தால் இடமிருந்து "நாகாதா" என்று தெரியும். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் "தானாகா". படத்தை மட்டும் வைத்து இதை எந்த அகராதியும் தீர்த்துவைக்காது. பில்லைப் பார்க்க வேண்டும், இல்லை கடைக்காரரைக் கேட்க வேண்டும்.

மென்பொருள் எங்கே சறுக்குகிறது

தொழில் புத்தி விடாது, அதனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கிறேன்.

கணினியில் சேமித்த எழுத்துக்குத் திசைப் பிரச்சினை கிடையாது. யுனிகோடில் எழுத்து உச்சரிக்கும் வரிசையில், அதாவது தர்க்க வரிசையில் இருக்கும். திரையில் அதை நெடுவரியாகக் காட்ட வேண்டுமானால் பக்கத்தை எழுதியவர் `writing-mode: vertical-rl` என்று அறிவித்துவிடுவார். எழுத்து ஒன்றே, காட்டும் விதம் மட்டும் வேறு. தமிழில் தட்டச்சு செய்கிற நமக்கு இந்த வித்தியாசம் பழகியதுதான். "கெ" என்று எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், யுனிகோடில் ககரம்தான் முதலில் வரும். டிஸ்கி காலத்தில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பை முதலில் சேமித்தோம். அந்தக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறிப் பட்ட பாடு பலருக்கு ஞாபகம் இருக்கும்.

பலகை என்பது முழுக்க முழுக்க டிஸ்கி மாதிரி. கண்ணுக்குத் தெரியும் வரிசை மட்டும்தான் அதில் இருக்கிறது. அறிவிப்பு எதுவும் கிடையாது. அதை ஓசிஆர் மென்பொருள் தர்க்க வரிசைக்கு மாற்றிக் கொடுத்தால்தான் மொழிபெயர்ப்பு தொடங்கவே முடியும். இங்கே தப்பினால் அடுத்த கட்டத்தில் எவ்வளவு கெட்டிக்கார மொழிபெயர்ப்பு இயந்திரம் இருந்தும் புண்ணியமில்லை.

வெளிப்படையாகத் திறந்து பார்க்கக்கூடிய டெசராக்ட்டை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய நெடுவரிக்கு அதில் தனி மாதிரி இருக்கிறது, இப்படி ஓட்டலாம்:

```
tesseract sign.png out -l jpn_vert --psm 5
```

`--psm 5` என்றால் "இது ஒரே நெடுவரித் தொகுதி" என்று நாம் சொல்லிக்கொடுப்பது. இடமிருந்து ஓடும் ஒற்றைக் கிடைவரிக்கு `--psm 7` போடலாம். இப்படி 0 முதல் 13 வரை பக்க அமைப்பு முறைகள் இருக்கின்றன. அதில் "இது வலமிருந்து ஓடும் ஜப்பானியக் கிடைவரி" என்று சொல்ல ஒரு எண் இல்லை. அச்சுப் புத்தகத்துக்காக யோசித்த பட்டியல் அது, இன்றைய புத்தகத்தில் அப்படி வரி வராது. பலகையில் வரும்.

நெடுவரிக்கும் ஒரு பலவீனம் உண்டு. இது நெடுவரியா கிடைவரியா என்பதை மென்பொருளும் மனிதக் கண்ணும் பெரும்பாலும் இடைவெளியை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. எழுத்துகள் மேலும் கீழும் நெருக்கமாகவும், பத்திகளுக்கு நடுவே அகலமாகவும் இருந்தால் நெடுவரி. ஆனால் சதுரமான அட்டையில் நாலு எழுத்தைச் சம இடைவெளியில் போட்டால்? கடைக்கதவில் தொங்குகிற ஒரு அட்டையைப் பாருங்கள். "இன்று விடுமுறை" என்பது நாலு எழுத்து:

```
休 本
業 日
```

வலது பத்தி மேலிருந்து கீழ் "இன்று", இடது பத்தி "கடை விடுமுறை". இதை நாலு விதமாகப் படிக்கலாம். ஒரு சின்ன நிரல்:

```python
rows = ["休本", "業日"]
cols = ["".join(c) for c in zip(*rows)]
print("".join(cols[::-1]))             # 本日休業
print("".join(cols))                   # 休業本日
print("".join(rows))                   # 休本業日
print("".join(r[::-1] for r in rows))  # 本休日業
```

முதலாவதுதான் சரி. இரண்டாவது பத்தி வரிசையை மாற்றிப் படித்தது, "விடுமுறை இன்று" என்று வரும். தமிழில் எழுதினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இதை வைத்து ஒரு செயலியைச் சோதித்தால் அது தேறிவிடும், ஆனால் பத்திகளை எந்தப் பக்கமிருந்து எடுத்தது என்பது நமக்குத் தெரியவே தெரியாது. மூன்றாவதுதான் வம்பு. இடமிருந்து வலம் வரிவரியாகப் படித்ததில் நடுவில் இரண்டு எழுத்து சேர்ந்து "முக்கியத் தொழில்" என்று அர்த்தமுள்ள ஒரு சொல்லாகிவிட்டது. அதற்கு முன்னால் ஓய்வு, பின்னால் நாள். மொழிபெயர்ப்பு இயந்திரம் இதை வீணாக்காது. ஏதாவது ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொடுத்துவிடும். நான்காவதிலும் நடுவில் "விடுமுறை நாள்" என்று படிக்கிற இரண்டு எழுத்து வந்து நிற்கிறது.

பத்தி முறிவு இன்னொரு தொல்லை. ஜப்பானியத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. பத்தியில் இடம் முடிந்தால் சொல்லின் நடுவிலேயே ஒடித்து அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். கையால் செய்த ஊதோன் நூடுல்ஸ் விற்கிற கடைப் பலகை இப்படி இருக்கலாம்:

```
打 名
う 物
ど 手
ん
```

வலது பத்தியில் "பெயர்பெற்ற", அதற்குக் கீழே "கை". இடது பத்தியில் முதலில் "அடி", பிறகு ஊதோன். கையும் அடியும் சேர்ந்தால்தான் "தெஉச்சி", கையால் பிசைந்து செய்தது. ஒவ்வொரு பத்தியையும் தனித்தனி வரியாக எடுத்து மொழிபெயர்க்கிற செயலிக்கு ஒரு பக்கம் "கை", இன்னொரு பக்கம் "அடி" கிடைக்கும். பத்திகளின் வரிசையும் மாறிப்போனால் இரண்டும் மறுபடி சேரவே சேராது. இங்கே எழுத்து ஒன்றுகூடத் தப்பாகப் படிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பலகையே சொல்லும் அடையாளங்கள்

திசையைக் கண்டுபிடிக்க நான் இப்போது பார்ப்பவை சில. பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஆனால் அந்த இனிப்புக்கடை வாசலில் இவை தெரிந்திருந்தால் தப்பியிருப்பேன்.

முதலில் வரியின் இரண்டு நுனிகளையும் பார்க்கிறேன். ஜப்பானியக் கடைப்பெயர்கள் பெரும்பாலும் கடை, இல்லம், கூடம் என்று பொருள்தரும் எழுத்தில் முடியும். நம்ம ஊரில் "ஸ்டோர்ஸ்", "பவன்" கடைசியில் வருகிற மாதிரி. அந்த எழுத்து இடது ஓரத்தில் இருந்தால் வரி வலமிருந்து ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான். அதே எழுத்தில் தொடங்குகிற சொற்களும் இருக்கின்றன.

இரண்டாவது, கதகானா எழுத்தில் நெடிலைக் காட்டும் கோடு. அந்தக் கோடு முந்தின எழுத்தை நீட்டுவது, அதனால் ஒரு சொல் அதில் தொடங்கவே முடியாது. காபி என்ற சொல்லைப் பாருங்கள்:

```
コーヒー
ーヒーコ
```

இடது ஓரத்தில் கோடு நின்றால் அந்த வரி நிச்சயமாகத் திருப்பி எழுதியது. இதைப் பழைய பலகையில் மட்டுமில்லை, இன்றைய வண்டிகளிலும் பார்க்கலாம். வண்டியின் பக்கவாட்டில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக எழுதும் வழக்கம் ஜப்பானில் உண்டு. அப்படி எழுதும்போது வலப்பக்க எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். இதற்குக் காரணம் பழைய மரபு இல்லை, வண்டி ஓடும் திசை. எனவே "வலமிருந்து எழுதியிருந்தால் பழசு" என்ற கணக்கும் எல்லா இடத்திலும் செல்லாது.

மூன்றாவது, கையெழுத்தும் சிவப்பு முத்திரையும். பலகைக்கு எழுத்து எழுதிக்கொடுத்தவர் கடைசியில்தான் சின்னதாகக் கையொப்பம் போட்டு முத்திரை குத்துவார். அது இடது ஓரத்தில் இருந்தால் வரி வலமிருந்து தொடங்கியது. என் அனுபவத்தில் கிடைவரிப் பலகைகளில் இதைவிட நல்ல சாட்சி இல்லை. எழுத்தே தெரியாதவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நான்காவது, அதே வரியில் ஆங்கில எழுத்தோ தொலைபேசி எண்ணோ இருந்தால் அனேகமாக இடமிருந்து வலம்.

கடைசியாக, கணக்குச் சரிபார்ப்பு. மெய்ஜி காலம் 45 ஆண்டுகள், 1912-ல் முடிந்தது. 14-ம் 40-ம் இரண்டுமே அதற்குள் அடங்கும், அதனால்தான் என் தப்பு உறுத்தவில்லை. அடுத்து வந்த தைஷோ காலம் வெறும் 15 ஆண்டுகள். பலகையில் தைஷோ 14 என்று இருந்து, அதை நான் 40 என்று படித்திருந்தால் அந்த இடத்திலேயே மாட்டியிருப்பேன். தைஷோ நாற்பது என்று ஒரு வருஷமே கிடையாது. ஆக, மெய்ஜியில் நுழைய முடிந்த தப்பு தைஷோவில் நுழைந்திருக்காது. தப்பு வெளியே தெரிவதும் தெரியாமல் போவதும் சில நேரம் ஒரு பேரரசரின் ஆயுளைப் பொறுத்திருக்கிறது.

என் குறை என்ன?

இவ்வளவையும் ஒரு கைபேசிச் செயலி செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாலு வரிசையையும் உருவாக்கி, எது அகராதியில் அதிகம் பொருந்துகிறது என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுலபம்தான், பத்து வரி நிரல். ஆனால் தானாகாவுக்கும் நாகாதாவுக்கும், நாற்பதுக்கும் பதினாலுக்கும் அகராதி சமமாகத்தான் மதிப்பெண் போடும். அந்த இடத்தில் இயந்திரத்துக்குத் தெரியாது, அதில் அவமானம் ஒன்றுமில்லை.

என் குறை அதற்கு அடுத்த கட்டத்தில். கேமரா மொழிபெயர்ப்பு தன் பதிலைப் பலகைமேலேயே பூசிவிடுகிறது. மூல எழுத்து மறைந்துவிடுகிறது. இடது ஓரத்து முத்திரை, எழுத்துகளின் இடைவெளி, நென்னுக்குப் பக்கத்தில் நின்ற பத்து, எல்லாச் சாட்சியையும் அந்தப் பூச்சு மூடிவிடுகிறது. அதன்மேல் நம்ம எழுத்து, நம்ம திசையில், இடமிருந்து வலமாக, சுத்தமாக நிற்கிறது. இந்தப் பலகையைப் படிக்க ஒரு திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது என்பதே பார்ப்பவருக்குத் தெரியாமல் போகிறது.

ஒரே ஒரு அம்புக்குறி போதும். "இந்தப் பக்கமிருந்து படித்தேன்" என்று பலகையின் ஓரத்தில் ஒரு சின்ன அம்பு, அதைத் தொட்டால் எதிர்த் திசையில் படித்த பதில். இரண்டையும் பார்த்தவுடன் எது பொருந்துகிறது என்று பெரும்பாலும் மனிதருக்குப் புரிந்துவிடும். அன்றைக்கு என் திரையில் "14" என்பதற்குப் பக்கத்தில் "அல்லது 40" என்று இருந்திருந்தால் நான் நின்று யோசித்திருப்பேன்.

மனிதர்கள் எழுதும் படக்குறிப்புகளுக்கும் இதையே சொல்வேன், என்னுடையதையும் சேர்த்துத்தான். நான் செயலியைவிட மோசமாக நடந்துகொண்டேன். அது உளறலை உளறலாகவே காட்டியது. நான் அந்த உளறலைச் சொல் சொல்லாகச் சரிசெய்து, எண்ணை மட்டும் அப்படியே விட்டு, நம்பும்படியான ஒரு பொய்யாக மாற்றினேன். ஒரு வரியில் ஒரு சொல்லைத் திருப்பிப் படித்தால் மொத்த வரியையும் திருப்ப வேண்டும், அது எண்ணாக இருந்தாலும் சரி.

பழைய பதிவில் 1881 என்ற எண்ணை அழிக்காமல் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் 1907 என்று எழுதியிருக்கிறேன். தப்பும் கண்ணில் படட்டும்.